அளவு சொல்லாத ரேட்

"ஹாம்பர்க்குக்கு என்ன ரேட்?" என்று ஃபார்வர்டரிடம் ஒரே வரியில் கேட்டால் வரும் எண்ணை விலை என்று நான் ஏற்கமாட்டேன். திருப்பூரிலிருந்து 120 அட்டைப்பெட்டி பனியன் தூத்துக்குடி வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 60×40×40 செ.மீ., 14 கிலோ. மொத்தம் 11.52 கன மீட்டர், 1,680 கிலோ. பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் போகும் எல்சிஎல் முறையில் ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்கே கட்டணம். பனியனுக்குக் கன அளவுதான் பேசும். துணியைத் திணித்துப் பெட்டியின் உயரம் 4 செ.மீ. உப்பினால் 12.67 ஆகிவிடும். கிடங்கில் அளந்த பிறகு வரும் பில்லோடு சண்டை போட்டுப் பயனில்லை.

பேக்கிங் முடியாமல் அளவை எப்படிச் சொல்வது என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் ஒரே ஒரு மாதிரிப் பெட்டியை நிரப்பிக் கட்டி, வெளிப்புறத்தை அளந்து, 'உத்தேசம்' என்று எழுதினால் போதுமே. சரக்கு தயாராகும் தேதியையும் அப்படியே சேர்க்க வேண்டும். ரேட்டுக்குக் காலக்கெடு உண்டு. தேதி தெரியாமல் வாங்கியது கப்பலேறும்முன் காலாவதியாகியிருக்கும். கூடவே, ஹாம்பர்க்கில் இறங்கியபின் விழும் செலவுகளையும் எழுதி வாங்குங்கள். இங்கே மலிவாகக் காட்டி அங்கே வாங்குபவர் தலையில் கட்டுவது இத்தொழிலில் புதிதல்ல.