ஈருறுப்பு விரிவு மட்டும் போதாது

(1+x)ⁿ ≥ 1+nx என்பதற்குத் தனி நிரூபணமே தேவையில்லை, ஈருறுப்பு விரிவில் முதல் இரண்டு உறுப்புகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்கிறார்கள். x மிகை எண் என்றால் அது சரிதான். ஆனால் இந்தச் சமனின்மை x ≥ −1 முழுவதற்கும் சொல்லப்படுகிறது. x = −1/2, n = 10 என்று வைத்துப் பாருங்கள். தள்ளிவிட்ட முதல் உறுப்பு 45/4, அதாவது 11.25, அடுத்தது −120/8, அதாவது −15. குறி மாறுகிறது, அளவும் கூடுகிறது. ‘குறை உறுப்பை முந்தைய மிகை உறுப்பு ஈடுகட்டிவிடும்’ என்ற சமாதானம் முதல் ஜோடியிலேயே உடைந்துவிடுகிறது.

தொகுத்தறிதலில் இந்தச் சிக்கலே இல்லை. n = 1-இல் இருபுறமும் சமம். n-க்கு உண்மை என்று கொண்டு இருபுறமும் (1+x)-ஆல் பெருக்கினால் வலப்புறம் (1+nx)(1+x) = 1+(n+1)x+nx² ஆகிறது. nx² ஒருபோதும் குறை எண் ஆகாது. அதை விட்டுவிட்டால் n+1-க்கான கூற்று கிடைக்கிறது. x ≥ −1 என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயம் என்பாருக்கும் பதில் இங்கேயே இருக்கிறது: 1+x குறை எண்ணானால் பெருக்கும்போது சமனின்மையின் திசை புரண்டுவிடும். x = −4, n = 3 என்றால் இடப்புறம் −27, வலப்புறம் −11; கூற்றே பொய். ஆனால் −2 ≤ x < −1 என்ற இடைவெளியில் கூற்று உண்மைதான். அங்கே 1+x-இன் அளவு 1-ஐத் தாண்டாது. ஆகவே (1+x)ⁿ ≥ 1+x ≥ 1+nx.