எல்லாமே போரா?

எட்டாவது படிக்கும் என் பேரனிடம், "ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே எத்தனை போர் நடத்தினார்கள்?" என்று கேட்டேன். "ஆறு தாத்தா" என்றான். கர்நாடகப் போர்கள் மூன்று. அவற்றோடு ஆம்பூர்ப் போர், ஆற்காட்டுப் போர், வந்தவாசிப் போர்.

பிழை அவனுடையதல்ல, எல்லாவற்றுக்கும் 'போர்' என்றே எழுதுகிறவர்களுடையது. 1749-ல் ஆம்பூரில் நடந்ததும், 1751-ல் ஆற்காட்டில் நடந்ததும் இரண்டாம் கர்நாடகப் போருக்குள் அடக்கம். ஆற்காட்டில் நடந்தது முற்றுகை. கிளைவ் ஏறக்குறைய ஐம்பது நாள் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். வந்தவாசியில் 1760 ஜனவரி 22-ல் கூட்டும் லாலியும் மோதியது ஒரே நாள். அது மூன்றாம் போரின் ஒரு களம். அதில் பிரெஞ்சுக்காரர் தோற்றும் போர் முடியவில்லை. மறு ஆண்டு புதுச்சேரி விழுந்தது, 1763-ல்தான் உடன்படிக்கை.

ஆண்டுக்கணக்கில் நீள்வதைப் போர் என்போம். ஒரு களத்தில் முடிவதைச் சண்டை என்றால் குழாயடி நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். சரி, 'சமர்' இருக்கிறதே! ஆம்பூர்ச் சமர், வந்தவாசிச் சமர் என்று எழுதட்டும். கோட்டையை வளைத்தால் முற்றுகை. இரு காவல் படைகள் உரசிக்கொண்டால் மோதல்.

சொல் வறுமை தமிழுக்கில்லை. எழுதுகிறவர்களின் சோம்பலுக்குப் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள்.