தமிழில் ஒரு பொருள், ஆங்கிலத்தில் ஒரு பொருள்: காப்பீட்டு ஒப்பந்தத்தில் எது செல்லும்?

பாலிசிதாரர்களின் நலனைக் காப்பதற்கென்று 2002இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளில் மொழி குறித்து ஒரு வாசகம் இருந்தது. காப்பீடு வழங்கப் பயன்படும் படிவங்களும் ஆவணங்களும், அந்தந்தச் சூழ்நிலையைப் பொறுத்து, அரசமைப்புச் சட்டம் அங்கீகரித்த மொழிகளில் கிடைக்கச் செய்யப்படலாம் என்பது அது. “செய்யப்பட வேண்டும்” என்று விதி கூறவில்லை. “செய்யப்படலாம்” என்றே கூறியது. அந்த ஒரு சொல்லின் தயவில் கோடிக்கணக்கான உழைப்பாளிகள் தங்களால் படிக்க இயலாத ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டு வந்துள்ளனர்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் மருத்துவக் காப்பீட்டு பாலிசியுடன் புதிய வடிவிலான ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ தரப்பட வேண்டும். பாலிசிதாரர் விரும்பினால் அதை அவரது வட்டார மொழியில் தர வேண்டும். இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. வட்டார மொழியில் படித்தவருக்குக் கிடைக்கும் பொருளும் ஒப்பந்தத்தின் பொருளும் ஒன்றுதானா? இரண்டும் வேறுபட்டால் எது செல்லும்?

சொற்கள் சரி, கணக்கு தவறு

2020 ஏப்ரலில் அறிமுகமான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய நிலையான பாலிசி. அதில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டு: நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏற்கப்பட்ட செலவில் 5 விழுக்காட்டை பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

இத்தகைய உச்சவரம்பு உள்ள பாலிசிகளில் வழக்கமாக மேலும் ஒரு வாசகம் இடம்பெறும். அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் வாடகையுள்ள அறையில் தங்கினால், அதோடு தொடர்புடைய மருத்துவச் செலவுகளும் அதே விகிதத்தில் குறைக்கப்படும் என்பது அது. தமிழில் இந்த வாக்கியம் இலக்கணப் பிழையின்றி அமைந்துவிடும். ஆனால் படிப்பவருக்கு அதன் விளைவு புலப்படாது. கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுவர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய். எனவே அனுமதிக்கப்பட்ட வாடகை நாளுக்கு 4,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் 4 நாட்கள் தங்குகிறார். அறை வாடகை 24,000. அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம் முதலியவை 60,000. மருந்துகளும் பரிசோதனைகளும் 30,000. மொத்தம் 1,14,000 ரூபாய்.

பாலிசிதாரரின் புரிதல்படி வாடகையில் 8,000 ரூபாய் மட்டும் கழியும். மீதி 1,06,000 ரூபாயில் 5 விழுக்காடு போக 1,00,700 ரூபாய் கிடைக்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி நடப்பது வேறு. 4,000 என்பது 6,000இல் மூன்றில் இரு பங்கு. எனவே வாடகையில் 16,000 ரூபாயும், 60,000 ரூபாயில் 40,000 ரூபாயும் மட்டுமே ஏற்கப்படும். மருந்து, பரிசோதனைச் செலவுகளை இவ்வாறு வெட்டக்கூடாது என்று 2020இல் ஆணையம் வரையறுத்துள்ளதால் அந்த 30,000 ரூபாய் முழுமையாகச் சேரும். மொத்தம் 86,000. அதில் 5 விழுக்காடு போக 81,700 ரூபாய். இடைவெளி 19,000 ரூபாய். ஒரு தொழிலாளியின் ஒரு மாதக் கூலிக்கு மேலாகவே அது இருக்கக்கூடும்.

அறைகள் காலியாக இருந்த அந்த முதல் நாளிலேயே இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், 4,000 ரூபாய் அறையை அந்தக் குடும்பம் கேட்டுப் பெற்றிருக்கும். அறையின் வகைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்த வெட்டே கூடாது என்பதும் தெரிந்திருந்தால், தவறான கழிவை எதிர்த்துக் கேட்டிருக்கும். ஆகவே இந்த வாசகத்தின் சரியான மொழிபெயர்ப்பில் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கும் இருந்தாக வேண்டும். விகிதம் என்ற சொல்லைப் பெயர்த்தால் போதாது. அதன் பண மதிப்பையும் பெயர்க்க வேண்டும்.

விலக்கை விரிவாக்கும் சொல்

இரண்டாவது வகைப் பிழை இன்னும் நுட்பமானது. இங்கே மொழிபெயர்ப்பு பாலிசிதாரருக்கு இருக்கும் உரிமையையே மறைத்துவிடுகிறது.

‘முன்பே இருந்த நோய்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதைப் படிப்பவர், பாலிசி எடுக்கும் முன்பே உடலில் இருந்த எந்த நோயும் விலக்கப்படும் என்றே கொள்வார். ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறை அவ்வளவு அகன்றதல்ல. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அக்காலத்துக்குள் மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்த, அல்லது அவரிடமிருந்து பெறப்பட்ட நோய் மட்டுமே அதில் அடங்கும்.

இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளாத, எந்த மருத்துவரிடமும் இதற்காகச் செல்லாத ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு, பாலிசி எடுத்து எட்டு மாதங்கள் கழித்துச் சர்க்கரை நோய் கண்டறியப்படுகிறது. அது உடலில் முன்பே தொடங்கியிருக்கக்கூடும். ஆனால் யாரும் கண்டறியவில்லை, ஆலோசனையும் தரவில்லை. வரையறையின்படி அது ‘முன்பே இருந்த நோய்’ ஆகாது. தமிழ்ச் சொல்லை நம்பிய அவரோ, தமக்கு உரிமை இல்லை என்று எண்ணி விண்ணப்பிக்காமலே விட்டுவிடலாம். மறுக்கப்பட்ட கோரிக்கையாவது ஏதேனும் ஒரு பதிவேட்டில் இருக்கும். கேட்கப்படாத கோரிக்கை எங்கும் பதிவாகாது.

அதே வரையறையில் வரும் ‘அல்லது’ என்ற சொல் எதிர்த் திசையிலும் வெட்டும். ஒரு மருத்துவ முகாமில் மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னார், அவர் சாப்பிடவில்லை. சிகிச்சையே பெறாததால் நோய் இல்லை என்று எண்ணி, விண்ணப்பப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறார். ஆலோசனை தரப்பட்டதே போதும் என்பது அவருக்குத் தெரியாது. பின்னாளில் ‘உண்மையை மறைத்தார்’ என்ற குற்றச்சாட்டு அவர்மேல் விழுகிறது.

‘காத்திருப்புக் காலம்’ என்ற சொல்லும் இப்படித்தான். முன்பே இருந்த நோய்க்கு இது அதிகபட்சம் 36 மாதங்கள். மேலே சொன்ன 36 மாதங்கள் பாலிசிக்கு முந்தையவை. இந்த 36 மாதங்கள் பாலிசிக்குப் பிந்தையவை. ஒரே எண் இரு திசைகளில் ஓடுவதை மொழிபெயர்ப்பு தெளிவாக்காவிட்டால் குழப்பமே மிஞ்சும். ‘காத்திருப்பு’ என்றவுடன், பணம் வந்துசேர ஆகும் காலம் என்று எண்ணுவோரும் உண்டு. ‘இந்த நோய்க்கு முதல் 36 மாதங்கள் இழப்பீடு கிடையாது’ என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது.

இரண்டு செயல்கள், இரண்டு கெடுக்கள்

இழப்பீடு கோரும் நடைமுறையில் பிழை வேறு வடிவில் வருகிறது. ஆரோக்கிய சஞ்சீவனியின் வாசகப்படி, அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள், அல்லது வீடு திரும்புவதற்கு முன், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். திட்டமிட்ட சிகிச்சையெனில் சேர்வதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். செலவைத் தாமே செலுத்திவிட்டுத் திரும்பப் பெறுவோர், மருத்துவமனைச் செலவுக்கான ஆவணங்களை வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

தகவல் தருவது ஒரு செயல். ஆவணம் தருவது இன்னொரு செயல். இரண்டையுமே ‘விண்ணப்பித்தல்’ என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் 30 நாட்கள் அவகாசம் இருப்பதாக நம்பி முதல் கெடுவைத் தவறவிடுவார். ஒரு செயலுக்கு ஒரு சொல் என்பதை ஆவணம் முழுவதும் காக்க வேண்டியது இதனால்தான்.

இந்த நிபந்தனைகளுக்கு மறுபக்கமும் உண்டு. தவிர்க்க இயலாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தை மட்டுமே காட்டி நியாயமான கோரிக்கைகளை மறுக்கக்கூடாது என்று 2011 செப்டம்பரில் ஆணையம் சுற்றறிக்கை விடுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும், திருட்டுப்போன வாகனம் தொடர்பான ஓம் பிரகாஷ் வழக்கில், அதைச் சுட்டிக்காட்டித் தீர்ப்பளித்தது. கெடுவை மொழிபெயர்த்து, அதன் விதிவிலக்கை விட்டுவிடும் தாள் பாதி உண்மையையே சொல்கிறது.

எது செல்லும்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். தகவல் தாளுக்கும் பாலிசி ஆவணத்துக்கும் முரண்பாடு வந்தால் பாலிசி ஆவணமே செல்லும் என்று அந்தத் தாளின் அடியிலேயே குறிப்பு இருக்கிறது. பாலிசி ஆவணமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. அதாவது, மக்கள் படிக்கக்கூடிய தாளுக்குச் சட்டவலு இல்லை. சட்டவலு உள்ள ஆவணத்தை அவர்களால் படிக்க இயலாது. மொழிபெயர்ப்பில் நேரும் பிழையின் சுமை முழுவதும், அதைச் செய்யாத, சரிபார்க்கவும் இயலாத பாலிசிதாரர்மேல் ஏற்றப்படுகிறது.

நீதிமன்றங்கள் வளர்த்துள்ள கோட்பாடு இதற்கு நேர்மாறானது. ஒப்பந்த வாசகம் இருபொருள்படும்போது, அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும். பாலிசிதாரருக்குத் தெரிவிக்கப்படாத விலக்கை நிறுவனம் பயன்படுத்த முடியாது என்று 2000ஆம் ஆண்டில் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. புரியாத மொழியில் தெரிவிப்பது தெரிவித்ததாகுமா என்ற கேள்வி அதிலிருந்தே இயல்பாக எழுகிறது.

இரு மொழிகளிலும் சட்டவலு தந்தால் வழக்குகள் பெருகும் என்று நிறுவனங்கள் வாதிடலாம். பிழையின் செலவு எழுதியவர்மேல் விழுமானால், கவனமாக எழுதும் அக்கறை அவருக்கு வரும். வழக்குகள் குறையவே வாய்ப்பு அதிகம். 22 மொழிகளில் பெயர்ப்பது பெருஞ்செலவு என்ற வாதமும் நிலையான பாலிசிகளைப் பொறுத்தவரை நிற்காது. வாசகம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே என்பதால் மொழிக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்பு போதும்; அதை ஒழுங்குமுறை ஆணையமே செய்து வெளியிட முடியும்.

எனவே வலியுறுத்த வேண்டியவை மூன்று. நிலையான பாலிசிகளின் முழு வாசகத்தையும், எடுத்துக்காட்டுக் கணக்குகளுடன், அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் ஆணையம் வெளியிட வேண்டும். வெளியிடும் முன், சாதாரண பாலிசிதாரர் சிலரிடம் ஒரு மருத்துவமனைப் பில்லைக் கொடுத்து, எவ்வளவு கிடைக்கும், எதற்குள் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுச் சோதிக்க வேண்டும். அவர்களின் விடை ஒப்பந்தத்தின் விடையோடு பொருந்தாவிட்டால் வாசகத்தைத் திருத்த வேண்டும். இரு மொழி வாசகங்கள் வேறுபட்டால் பாலிசிதாரருக்குச் சாதகமானதே செல்லும் என்பது விதியாக வேண்டும்.

அதுவரை, இப்போதுள்ள உரிமைகளையேனும் பயன்படுத்த வேண்டும். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. அந்த அவகாசத்துக்குள்ளேயே தகவல் தாளைத் தமிழில் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்தப் பிரிவின்படி மறுப்பு என்பதை எழுத்தில் கேட்டு, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். குழுக் காப்பீட்டுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் தொழிற்சங்கங்கள் பிரீமியத்தைப் பேசும் அதே மேசையில், எந்த மொழி வாசகம் செல்லும் என்பதையும் பேசி ஒப்பந்தத்தில் எழுதச் செய்ய வேண்டும்.