இசைவு மட்டும் போதாது: ரிச்சர்ட்சன் திட்டம் கற்பிக்கும் பாடம்

 

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வாரந்தோறும் பேருந்தில் வந்துபோகும் ஆய்வு மாணவன் நான். அந்தச் சாலையை ஒட்டித்தான் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் என் ஆய்வின் முதலாண்டில் நேர்ந்த ஒரு சறுக்கல் நினைவுக்கு வரும். மண்ணுக்குள் வெப்பம் இறங்குவதைக் கணக்கிட ஒரு முடிவுறு வேறுபாட்டுத் திட்டத்தை எழுதினேன். டெய்லர் விரிவால் அதன் துண்டிப்புப் பிழையைக் கண்டேன். காலத்திலும் இடத்திலும் இரண்டாம் வரிசைத் துல்லியம். பருமனான கட்டங்களில் விடை அழகாக வந்தது. கட்டங்களைப் பாதியாக்கினால் விடை இன்னும் செம்மையாகும் என்று நம்பிப் பாதியாக்கினேன். திரையில் முப்பது இலக்கங்களைத் தாண்டிய எண்கள் வந்து நின்றன. இரண்டு வாரம் நிரலில் பிழை தேடினேன். நிரலில் பிழையே இல்லை. பிழை நான் கற்றிருந்த பாடத்தில் இருந்தது.

அந்தத் திட்டம் புதியதன்று. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1910ஆம் ஆண்டிலேயே வெப்பச் சமன்பாட்டுக்கு முன்வைத்தது. u_t = u_xx என்ற சமன்பாட்டில் இரு வகைக்கெழுக்களுக்கும் மைய வேறுபாடுகளை இட்டால் அது கிடைக்கும். கட்ட அகலம் h, காலப்படி k, r = k/h² எனக் கொண்டால்:

```
U[j,n+1] = U[j,n-1] + 2r( U[j+1,n] - 2U[j,n] + U[j-1,n] )
```

சரியான தீர்வை இதில் இட்டால் எஞ்சும் துண்டிப்புப் பிழை k², h² என்ற அளவில் சுருங்குகிறது. h, k இரண்டும் சுழியை நோக்கிச் செல்லும்போது வேறுபாட்டுச் சமன்பாடு வகைக்கெழுச் சமன்பாட்டையே நெருங்குகிறது. இதைத்தான் இசைவு என்கிறோம். காலத்தில் முதல் வரிசைத் துல்லியமே உள்ள எளிய முன்னோக்குத் திட்டத்தைவிட இது மேம்பட்டது என்றே எவரும் முதலில் எண்ணுவர்.

நானும் அப்படித்தான் எண்ணினேன். எண்களும் முதலில் அதையே சொல்லின. 0 முதல் 1 வரையிலான தண்டில் தொடக்க வெப்பநிலை sin(πx), இரு முனைகளும் சுழி, r = 1/2. t = 0.1 நேரத்தில் தண்டின் நடுவில் சரியான விடை 0.3727. தண்டைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்தால் இருபது காலப்படிகள் தேவை. முன்னோக்குத் திட்டம் 0.3665 தருகிறது, ரிச்சர்ட்சன் திட்டம் 0.377 அளவில் தருகிறது. பிழை யாருக்குக் குறைவு? ரிச்சர்ட்சனுக்குத்தான். இப்போது இருபது பகுதிகளாகப் பிரியுங்கள். r மாறாமல் இருக்கக் காலப்படிகள் எண்பது ஆகும். முன்னோக்குத் திட்டம் 0.3712 தருகிறது, அதன் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ரிச்சர்ட்சன் திட்டமோ பொருளற்ற பேரெண்ணைக் கக்குகிறது. ஐயமிருப்போர் கீழுள்ள நிரலை M = 10 என்றும் M = 20 என்றும் ஓட்டிப் பார்க்கலாம்.

```
import numpy as np
M = 10; h = 1/M; k = h*h/2; N = round(0.1/k)
x = np.linspace(0, 1, M+1)
a = np.sin(np.pi*x); a[-1] = 0
b = a.copy(); b[1:-1] = (a[2:] + a[:-2])/2
for n in range(1, N):
    c = a.copy()
    c[1:-1] = a[1:-1] + b[2:] - 2*b[1:-1] + b[:-2]
    a, b = b, c
print(b[M//2])
```

என்ன நடந்தது? ஒரே ஒரு புள்ளியில் 1 அளவுள்ள சிறு பிழை புகுந்ததாகக் கொள்வோம். முனைகள் தொலைவில் இருக்கட்டும். r = 1/2 ஆகும்போது, ரிச்சர்ட்சன் திட்டத்தில் அப்பிழை அதே புள்ளியில் படிப்படியாக எடுக்கும் மதிப்புகள் 1, −2, 7, −24, 89, −338. குறி மாறி மாறி, ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. முன்னோக்குத் திட்டத்தில் அதே பிழை அடுத்த படியில் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிகிறது. அதற்கடுத்த படியில் கால், அரை, கால் என்று பரவுகிறது. எந்தப் புள்ளியிலும் அது ஒன்றைத் தாண்டுவதில்லை.

இந்த வளர்ச்சியைத் துல்லியமாக அளக்க ஃபான் நாய்மனின் வழி உண்டு. பிழையை அலைகளாகப் பிரித்து, ஓர் அலை ஒரு காலப்படியில் எத்தனை மடங்காகிறது என்று கேட்பது. அந்த மடங்கை g என்போம். ரிச்சர்ட்சன் திட்டத்தில் g² + 8r s² g − 1 = 0; இங்கு s என்பது அலையின் நீளத்தைப் பொறுத்த சைன் மதிப்பு. இரு மூலங்களின் பெருக்கற்பலன் −1. ஆகவே ஒன்றின் அளவு ஒன்றுக்குக் குறைவானால் மற்றது ஒன்றுக்கு மிகுந்தே தீரும். r எவ்வளவு சிறியதானாலும் தப்ப வழியில்லை. r = 1/2, s = 1 எனில் கெட்ட மூலம் −4.236. நம் இரு கணக்குகளில் மிக வேகமாக வளரும் அலை இருபது படிகளில் சுமார் 10¹² மடங்காகிறது. எண்பது படிகளில் சுமார் 10⁵⁰ மடங்காகிறது. கணினி பதினாறாம் இலக்கத்தில் செய்யும் முழுமையாக்கப் பிழை முதல் கணக்கில் நான்காம் தசம இடத்தோடு நின்றுவிட்டது. இரண்டாம் கணக்கில் விடையையே விழுங்கிவிட்டது. ரிச்சர்ட்சன் கையால் சில படிகளே கணக்கிட்டதால் அவர் கண்ணில் இது படவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முழுமையாக்கப் பிழையே இல்லாத கற்பனைக் கணினியில், sin(πx) என்ற இந்த ஒரு தொடக்கத் தரவுக்கு ரிச்சர்ட்சன் திட்டம் சரியான தீர்வுக்கே ஒருங்கும்! அந்த அலையின் கெட்ட பகுதி மிகச் சிறிதாகத் தொடங்கி, எல்லைக்குட்பட்ட அளவே வளர்கிறது. ஆகவே ஓர் எடுத்துக்காட்டில் ஒருங்குவதைக் காட்டினால் போதும் என்ற வாதமும் நில்லாது. அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு தொடக்கத் தரவுக்கும் ஒருங்குகிறதா என்பதே கேள்வி.

இனி, நிலைப்புத்தன்மை எப்படி வாதத்தை முழுமையாக்குகிறது என்று பார்ப்போம். நேரியல் திட்டம் ஒன்றின் ஒரு காலப்படியை C என்ற செயலியாக எழுதுவோம். (ரிச்சர்ட்சன் திட்டத்தில் அடுத்தடுத்த இரு கால மதிப்புகளைச் சேர்த்து ஒரே திசையனாகக் கொண்டால் போதும்.) சரியான தீர்வுக்கும் கணித்த தீர்வுக்கும் உள்ள வேறுபாடு e, துண்டிப்புப் பிழை τ எனில்:

```
e[n+1] = C e[n] + k τ[n]
e[N]   = k ( τ[N-1] + C τ[N-2] + ... + C^(N-1) τ[0] )
```

இரண்டாம் வரியை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு படியிலும் kτ என்ற சிறு பிழை பிறக்கிறது. பிறந்த பிழை அங்கேயே நிற்பதில்லை. அதன்பின் வரும் அத்தனை படிகளின் வழியாகவும் பயணம் செய்கிறது. இசைவு நமக்குச் சொல்வது பிறக்கும் பிழையின் அளவை மட்டும். பயணத்தில் அது என்னவாகிறது என்பதை C-யின் அடுக்குகளே தீர்மானிக்கின்றன. h, k எவ்வளவு சிறிதானாலும், nk ≤ T ஆகும்வரை C^n எல்லாவற்றின் அளவும் K என்ற ஒரே மாறிலிக்குள் அடங்கினால், அதுவே நிலைப்புத்தன்மை. அப்போது N உறுப்புகளின் கூட்டுத்தொகை N·k·K·max|τ|-ஐத் தாண்டாது. அதாவது T·K·max|τ|-க்குள் அடங்கும். இசைவினால் τ சுழியை நெருங்க, e-யும் சுழியை நெருங்கும். வாதம் இவ்வளவே. நிலைப்புத்தன்மை இல்லையேல் K என்ற எண்ணே இல்லை. கட்டத்தைப் பாதியாக்கும்போது τ நான்கில் ஒரு பங்காகிறது. ஆனால் படிகள் நான்கு மடங்காவதால் அதைப் பெருக்கும் காரணி தன் நான்காம் அடுக்குக்கு உயர்கிறது. இந்தப் போட்டியில் τ வெல்வதற்கு வழியே இல்லை.

பீட்டர் லாக்ஸும் ராபர்ட் ரிக்ட்மையரும் 1956இல் வெளியிட்ட தேற்றம் மறுதலையையும் சேர்த்துச் சொல்கிறது. நன்கமைந்த நேரியல் தொடக்க மதிப்புக் கணக்குக்கு இசைவுள்ள திட்டம் ஒருங்குவதற்கு நிலைப்புத்தன்மை தேவையானதும் போதுமானதும் ஆகும். எல்லாத் தரவுக்கும் ஒருங்கினால் C-யின் அடுக்குகள் சீராக எல்லைக்குட்பட்டே ஆக வேண்டும் என்பது பனாக்–ஸ்டெயின்ஹாஸ் தேற்றத்திலிருந்து வருகிறது. சார்புப் பகுப்பாய்வு எதற்குப் பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

நிலைப்பை மட்டும் போற்றுவதும் அதே தவறின் மறுபக்கம். 1953இல் டூஃபோர்ட்டும் ஃபிராங்கலும் ரிச்சர்ட்சன் திட்டத்தில் நடு உறுப்பு 2U[j,n] இருந்த இடத்தில் U[j,n+1] + U[j,n−1] என்று இட்டனர். திட்டம் எந்த r-க்கும் நிலைப்புற்றது. ஆனால் துண்டிப்புப் பிழையில் (k/h)² u_tt என்ற உறுப்பு நுழைந்தது. k/h = c என்ற விகிதத்தை மாறாமல் வைத்துக் கட்டங்களைச் சுருக்கினால், திட்டம் பணிவாக ஒருங்குகிறது; ஆனால் u_t + c² u_tt = u_xx என்ற வேறொரு சமன்பாட்டின் தீர்வுக்கு. வெடிக்காத விடை என்பதால் இந்தத் தவறு கண்ணுக்கும் தெரியாது.

என் கருத்து இதுதான். நம் பாடத்திட்டங்களில் டெய்லர் விரிவுக்கு ஒரு பாடவேளை, நிலைப்புக்கு வேறொரு பாடவேளை, லாக்ஸ் தேற்றத்துக்கு நிறுவலின்றி ஒரு வரி என்ற வழக்கம் நிலவுகிறது. மாணவர் மனத்தில் நிலைப்பு என்பது r ≤ 1/2 என்று மனனம் செய்யும் ஒரு நிபந்தனையாகச் சுருங்கிவிடுகிறது. வளிமண்டல ஆய்வாளர் கையாளும் டபிள்யூஆர்எஃப் மாதிரியில், காலப்படி நொடிகளில் கட்ட அகலக் கிலோமீட்டரின் ஆறு மடங்குக்கு மேற்படாதிருக்கட்டும் என்ற நடைமுறை விதி உண்டு: 9 கி.மீ.க்கு 54 நொடி, 3 கி.மீ.க்கு 18 நொடி. அந்த விதியின் வேர் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லேவி மூவரும் 1928இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அதை அறியாதவர் கட்டத்தை மட்டும் சுருக்கி, மாதிரி ஏன் நின்றது என்று தேடிக்கொண்டிருப்பார். அம்மாதிரிகள் நேரியல் அல்ல. அங்கே லாக்ஸ் தேற்றம் அப்படியே பொருந்தாது. ஆயினும் நேரியல் நிலைப்பில் தோற்கும் திட்டம் அங்கே தப்பிப்பதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிச்சர்ட்சன் திட்டத்தை முதல் நாளே ஆய்வகத்தில் ஓட்டவிடுங்கள். பத்துப் பகுதிகளில் அது வெல்வதையும் இருபதில் அழிவதையும் மாணவர் தம் கண்ணால் காணட்டும். அதன் பிறகு மேலே உள்ள இரண்டு வரி நிறுவலைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆய்வேடுகளைத் திருத்துவோர், ஒரே கட்டத்தில் பெற்ற அழகிய வரைபடத்தை ஏற்காமல், மூன்று கட்டங்களில் பிழை எப்படிக் குறைகிறது என்ற அட்டவணையைக் கேளுங்கள். முதலாண்டில் என்னிடம் யாரேனும் அதைக் கேட்டிருந்தால், நிரலில் இல்லாத பிழையை இரண்டு வாரம் தேடியிருக்க மாட்டேன்.