எரியாத ஒரு விளக்கு



எங்கள் வீட்டில் ‘ஃபைபர்’ என்ற வார்த்தையை முதலில் கொண்டுவந்தது டிப்ளமோ படிக்கிற நான் இல்லை. மில்லுக்குப் போகிற என் அம்மாதான். “ஃபைபர் போட்டதுல இருந்து எங்க இன்சென்டிவ் ஒழுங்காவே ஏற மாட்டேங்குய்யா. போன மாசமும் ரெண்டு ஷிப்ட் விட்டுப் போச்சு” என்றார்கள். நூல் மில்லில் ஃபைபர் என்றால் பஞ்சு இழையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, “அதுக்கும் சம்பளத்துக்கும் என்னம்மா?” என்று கேட்டேன். “பஞ்சு இல்லடா, கம்ப்யூட்டர் வயரு” என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சென்ற மே மாதம் இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு அதே மில்லுக்குப் போனேன். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பெயர் வேண்டாம். அங்கே பார்த்ததை வைத்து என் கருத்து ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் ஃபைபரோடு சேர்க்க மீடியா கன்வெர்ட்டர் நல்ல வழி. ஆனால் விளக்கு எரிகிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது.

முதலில் ஏன் ஃபைபர் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மில்லில் ஆபீஸ் ஒரு கட்டிடம், கோன் வைண்டிங் இன்னொரு கட்டிடம். கேபிள் போகும் வழியை அளந்தால் 180 மீட்டர். சாதாரண ஈதர்நெட் காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதனால் நடுவில் ஒரு விளக்குக் கம்பத்தில் பெட்டி வைத்து, அதில் சின்ன சுவிட்ச் ஒன்றைப் போட்டு, இரண்டு துண்டாகக் கேபிளை இழுத்திருந்தார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரர்களான நமக்கு ஐப்பசி இடி மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மின்னல் நேராக விழ வேண்டியதே இல்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலும் நீளமான காப்பர் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டு கட்டிடத்துக்கும் எர்த் வேறு வேறு என்பதால், அந்தச் சமயத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையிலான வித்தியாசமும் அதே கம்பி வழியே ஓடப் பார்க்கும். போர்ட் செத்துப் போகும். இரண்டு வருடம் தொடர்ந்து செத்தது.

கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. எனவே ஃபைபர் இழுத்தது சரியான முடிவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. மண்ணில் புதைக்கிற ஃபைபர் கேபிளில் எலி கடிக்காமல் இருக்க இரும்புக் கவசம் இருக்கும். அது மின்சாரம் கடத்தும்! அந்தக் கவசத்தை ரேக் வரை கொண்டு போனால் ஃபைபர் போட்ட பலனே போய்விடும். கட்டிடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அதை நிறுத்தி, அங்கேயே எர்த் செய்துவிட வேண்டும். உலோகமே இல்லாத கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

சரி, ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் வைண்டிங் கட்டிடத்து சுவிட்ச் பழசு. எல்லாமே காப்பர் போர்ட், ஃபைபர் செருக இடமே இல்லை. ஆகவே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு மீடியா கன்வெர்ட்டர் வாங்கினார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி. ஒரு வாயில் காப்பர் கேபிள், மறு வாயில் ஃபைபர். மின் துடிப்பை ஒளியாக்கி அனுப்பும், வந்த ஒளியை மின் துடிப்பாக்கித் தரும். ஒரே இழையில் போகவும் வரவும் செய்கிற வகை அது. ஒரு பெட்டி 1310 நானோமீட்டர் ஒளியில் பேசி 1550-ல் கேட்கும், மற்றது 1550-ல் பேசி 1310-ல் கேட்கும். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டை வாங்கினால் இரண்டும் பேசும், ஒன்றும் கேட்காது.

இதெல்லாம் சரியாகவே செய்திருந்தார்கள். பிறகு என்ன கோளாறு?

ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் வைண்டிங் கட்டிடத்துக் கம்ப்யூட்டர், எந்த மெஷினில் யார் எத்தனை கிலோ ஓட்டினார்கள் என்ற ஃபைலை ஆபீசுக்கு அனுப்பும். இன்சென்டிவ் அதை வைத்துத்தான். அந்த ஃபைல் போகும், பாதியில் நிற்கும், மறுபடி போகும், சில நாள் போகவே போகாது. போகாத நாளில் யாராவது கையால் எழுதி ஏற்றுவார்கள். அதில்தான் என் அம்மாவுக்கும், அம்மாவோடு வேலை பார்க்கிற அக்காமார்களுக்கும் ஷிப்ட் விட்டுப் போனது. “சுவிட்ச் பழசு, மாத்தணும்” என்றார் ஒருவர். “ஃபைபரே சரியில்லை” என்றார் இன்னொருவர். பிங் கொடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு நூறு பதில் வருகிறது! எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, “லைன் நல்லாத்தானே இருக்கு” என்று போய்விடுவார்கள்.

எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி என்னிடம், “தம்பி, நீ படிச்ச புள்ள, ரெண்டு பெட்டியையும் பாத்து எழுதிட்டு வா” என்றார். எழுதினேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு விளக்கு. ஆபீஸ் பெட்டியில் ஆறும் எரிகிறது. வைண்டிங் பெட்டியில் ஐந்து எரிகிறது. FDX என்று எழுதியிருந்த விளக்கு மட்டும் எரியவில்லை.

FDX என்றால் ஃபுல் டூப்ளெக்ஸ். அதாவது ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்வது. விளக்கு எரியவில்லை என்றால் ஹாஃப் டூப்ளெக்ஸ், ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஏன் இந்தப் பெட்டி மட்டும் ஹாஃபுக்குப் போனது? அண்ணாச்சி சுவிட்சின் கன்சோலைத் திறந்து கொடுத்தார். இதைக் கொடுத்துப் பார்த்தோம்.

```
show interfaces FastEthernet0/24 status
```

வேகம் 100 என்றும் டூப்ளெக்ஸ் full என்றும் வந்தது. பார்க்கச் சரிதான். ஆனால் தானாகப் பேசி முடிவு செய்திருந்தால் a-full, a-100 என்று முன்னால் ஒரு a இருக்கும். இங்கே a இல்லை. யாரோ கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

காரணம் பழைய கதைதான். தானாகப் பேசி முடிவு செய்யும் முறை 1995-ல் ஈதர்நெட் தரத்தில் வந்தது. ஆரம்ப காலத்தில் வேறு வேறு கம்பெனிச் சாமான்கள் அதில் ஒத்துப்போகாததால், இரண்டு முனையையும் கையால் பூட்டுவதே வழக்கமாக இருந்தது. இங்கேயும் கம்பத்து சுவிட்ச் காலத்தில் அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவிட்ச் போய்க் கன்வெர்ட்டர் வந்தது, பூட்டு அப்படியே இருந்துவிட்டது. பூட்டிய போர்ட் பேச்சுவார்த்தைக்கு வராது. கன்வெர்ட்டர் தானாகப் பேச முயன்று பதில் வராதபோது, வரும் சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது ஹாஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே தரத்தின் விதி. பெட்டி விதிப்படிதான் நடந்திருக்கிறது!

விளைவைப் பாருங்கள். சுவிட்ச் எப்போது வேண்டுமானாலும் பேசும். கன்வெர்ட்டரோ, தான் பேசும்போது எதிரில் சத்தம் கேட்டால் மோதல் என்று நினைத்து நிறுத்திவிடும், வந்ததையும் தூக்கிப் போட்டுவிடும். பிங் என்பது ஒன்று கேட்டு ஒன்று பதில் வாங்குவது. இருவரும் ஒரே நேரத்தில் பேச வாய்ப்பே குறைவு, அதனால் தப்பித்துக்கொள்ளும். பெரிய ஃபைல் போகும்போது ஒரு பக்கம் டேட்டா ஓட, மறுபக்கம் ‘கிடைத்தது’ என்ற பதில் ஓட, இரண்டும் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பிங்கை மட்டும் நம்பாதீர்கள். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டே பிங் கொடுங்கள், அப்போது பதில்கள் விழ ஆரம்பிக்கும். சுவிட்சில் show interfaces பார்த்தால் அந்தப் போர்ட்டில் CRC எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். எங்களுக்கும் அப்படியே ஏறியது.

சரிசெய்தது இவ்வளவுதான்:

```
configure terminal
interface FastEthernet0/24
 speed auto
 duplex auto
end
write memory
```

போர்ட் ஒரு முறை அணைந்து எழுந்தது. ஆறாவது விளக்கு எரிந்தது. ஃபைல் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. சுவிட்ச் மாற்றவில்லை, ஃபைபர் மாற்றவில்லை. உங்கள் சுவிட்சில் பூட்டைத் திறக்க முடியாவிட்டால், கன்வெர்ட்டரில் சின்னச் சின்ன டிப் சுவிட்சுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதையும் 100 ஃபுல் என்று பூட்டலாம். இரண்டும் தானியங்கி, அல்லது இரண்டும் பூட்டு. ஒன்று அப்படி ஒன்று இப்படி கூடவே கூடாது.

இன்னொன்றையும் அங்கேயே கற்றேன். சோதனைக்காக ஆபீஸ் பக்கம் ஃபைபரைக் கழற்றினோம். வைண்டிங் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது! சுவிட்சுக்குத் தெரிவது பக்கத்தில் இருக்கும் கன்வெர்ட்டர் மட்டுமே, 180 மீட்டர் தள்ளி நடப்பது தெரியாது. சில கன்வெர்ட்டர்களில் LFP என்ற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஃபைபர் அறுந்ததும் காப்பர் பக்கத்தையும் பெட்டியே அணைத்துவிடும், கோளாறு வெளியே தெரியும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யலாம்.

“எதுக்குப்பா இந்தச் சின்னப் பெட்டி, ஃபைபர் போர்ட் உள்ள புது சுவிட்சே வாங்கிடலாமே” என்று நம் வகுப்பிலேயே சிலர் கேட்கிறார்கள். நாலைந்து கட்டிடம் சேர்க்க வேண்டுமென்றால் அவர்கள் சொல்வது சரி. ஒவ்வொரு கன்வெர்ட்டருக்கும் தனி அடாப்டர் வேண்டும், பெரும்பாலும் முதலில் சாவது அந்த அடாப்டர்தான், மின்னலும் கரண்ட் லைன் வழியாக அதற்கு வரலாம். ஆனால் இரண்டே கட்டிடம், நன்றாக உழைக்கும் பழைய சுவிட்ச் என்றால், அதைக் குப்பையில் போடச் சொல்வது படிப்பு ஆகாது. குறை சுவிட்சின் வயதில் இல்லை, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பழைய செட்டிங்கில் இருந்தது.

நம் பாடத்தில் ஃபுல் டூப்ளெக்ஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ் இரண்டு மார்க் கேள்வி. வித்தியாசம் எழுதச் சொல்வார்கள், எழுதிவிடுவோம். அந்த இரண்டு மார்க்கு அளவு தெரிந்த ஒருவர் அந்தப் பெட்டியின் முன் குனிந்து பார்க்காததால், தை மாதத்திலிருந்து மே வரை எத்தனையோ பெண்களின் கூலி கணக்கில் விட்டுப் போயிருக்கிறது. நம் லேபிலும் ஒரு ஜோடி கன்வெர்ட்டரை வைத்து, வேண்டுமென்றே ஒரு பக்கத்தைப் பூட்டி, கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி ஒன்று வேண்டும் என்று மாணவர் மன்றத்தின் வழியாகக் கேட்கிறேன்.

ஜூன் மாதச் சம்பளச் சீட்டை அம்மா என்னிடம் நீட்டி, “எண்ணிப் பாரு” என்றார்கள். எண்ணினேன். ஒரு ஷிப்டும் விடவில்லை.