யூடியூப் ஓடுது, மெயில் மட்டும் போகலையே... 18 எம்.பி ஃபைல் ஏன் பாதியில் நிற்கிறது?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் (சென்னை கொளத்தூர் இல்லை, கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டம்) போன்ற ஊர்களில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய புலம்பல் இது: "நெட் நல்லாதாங்க இருக்கு, யூடியூப் தங்கு தடையில்லாம ஓடுது. ஆனா ஒரு பிடிஎஃப் அனுப்ப முடியலை."

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தூரில் இருந்தபடி ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு பார்ப்பவர், 40 பக்க பில்களை ஸ்கேன் செய்து திருச்சியில் உள்ள ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். மாலை 5 மணிக்குள் போயாக வேண்டும். ஃபைலின் அளவு 18 எம்.பி. ஜிமெயில் 25 எம்.பி வரை அனுமதிக்கிறது, அதனால் பிரச்னை இருக்காது என்று நினைத்து லேப்டாப்பில் உள்ள மெயில் ஆப்பில் 'Send' அழுத்துகிறார். பட்டை மெதுவாக நகர்கிறது. முக்கால்வாசியில் நின்று, 'டைம் அவுட்' என்று வந்துவிடுகிறது. மறுபடி அழுத்துகிறார். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறது.

இங்கே மாட்டிக்கொண்டது நெட்டின் 'போகும் பாதை'. யூடியூப் பார்ப்பது டவுன்லோடு, மெயில் அனுப்புவது அப்லோடு. இரண்டும் ஒரே இணைப்பில் இருந்தாலும் வேகம் ஒன்றில்லை. பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டில் இது வடிவமைப்பிலேயே இருக்கிறது: ஏடிஎஸ்எல் 2+ தொழில்நுட்பத்தில் டவுன்லோடு 24 எம்பிபிஎஸ் வரை போகலாம், அப்லோடு வழக்கமாக 1 எம்பிபிஎஸ் அளவில்தான் நிற்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காரணம் வேறு. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது, கையில் உள்ள போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. டவருக்குத் தூரத்தில் இருந்தால், டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால்தான் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், போட்டோ போகாது.

18 எம்.பி, 18 எம்.பி-யாகப் போவதில்லை

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அப்லோடு வேகம் 512 கேபிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் நொடிக்கு 64 கே.பி. 18 எம்.பி-க்கு ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆனால் மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை அனுப்ப உருவான ஏற்பாடு. படம், பிடிஎஃப் எதுவானாலும் அதை 'பேஸ்64' என்ற முறையில் எழுத்துகளாக மாற்றித்தான் மெயில் ஆப் அனுப்புகிறது. மூன்று பைட் நான்காக மாறுவதால், வரி முறிவுகளையும் சேர்த்து அளவு சுமார் 37 சதவீதம் வீங்கிவிடும். 18 எம்.பி ஏறக்குறைய 24.6 எம்.பி ஆகிறது. நேரம் ஆறரை நிமிடம்.

அதோடு முடியவில்லை. தண்டர்பேர்டு போன்ற ஆப்கள், மெயிலை அனுப்பி முடித்த பிறகு அதன் நகலை 'Sent' ஃபோல்டரில் வைக்க, முழு மெயிலையும் சர்வருக்கு இன்னொரு தடவை ஏற்றுவதுண்டு. அதாவது இன்னொரு ஆறரை நிமிடம், மொத்தம் 13 நிமிடம். இரண்டாவது ஏற்றத்தில் டைம் அவுட் ஆனால் "மெயில் போகலை" என்று நினைத்து மறுபடி அனுப்புவோம். ஆடிட்டருக்கோ முதல் மெயில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த இரட்டை மெயில் சங்கடம் புதிதல்ல. மெயில் முழுதாகப் போய்ச் சேர்ந்தபின் "பெற்றுக்கொண்டேன்" என்று சர்வர் சொல்லும் பதில் வழியில் தொலைந்தால், அனுப்பியவர் பக்கம் தோல்வி என்றே பதிவாகும், மறுபடி அனுப்பும். 1988-லேயே இந்த ஒரு சிக்கலுக்காக மட்டும் ஆர்எஃப்சி 1047 என்ற ஆவணம் எழுதப்பட்டது.

சரி, டைம் அவுட் எதனால் வருகிறது? மெயில் ஆப் பொறுமையாகக் காத்திருக்க ஒரு எல்லை வைத்திருக்கிறது. பழைய அவுட்லுக்கில் அது இயல்பாக 1 நிமிடம், தண்டர்பேர்டில் 100 நொடி. மொத்த நேரத்துக்கான கெடு இல்லை இது. இவ்வளவு நேரம் எந்த அசைவும், பதிலும் இல்லாவிட்டால் இணைப்பை வெட்டிவிடும் கெடு. சிக்னல் ஒரு நிமிடம் படுத்துவிட்டால் போதும். இன்னொரு சூழ்நிலையும் உண்டு. போகும் மெயிலை ஆன்டிவைரஸ் சோதிக்கும்படி இருந்தால், அது முழு மெயிலையும் சட்டென்று வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக வெளியே தள்ளும். மெயில் ஆப்புக்கோ "எல்லாம் கொடுத்துட்டேன், பதிலையே காணோமே" என்ற நிலை. பட்டை சரசரவென 100-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் இந்தக் காரணத்தைச் சந்தேகிக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், மெயில் அனுப்பும் முறையில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பதே கிடையாது. 23 எம்.பி போய், கடைசி ஒன்றரை எம்.பி-யில் அறுந்தாலும் மறுபடி பூஜ்யம்தான்.

என்ன பண்ணலாம்?

முதலில் காரணம் அப்லோடுதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. டிராய் அமைப்பின் 'மைஸ்பீடு' ஆப் டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். லேப்டாப்பில் இன்னும் எளிய வழி இருக்கிறது. மெயில் போய்க்கொண்டிருக்கும்போது கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓடவிடவும்:

```
ping -n 20 8.8.8.8
```

சும்மா இருக்கும்போது 40, 50 மில்லி செகண்டில் வரும் பதில், மெயில் போகும்போது 1000-ஐத் தாண்டினால் அப்லோடு பாதை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது வாட்ஸ்அப் காலில் இருந்தால் "கட் ஆகுது, கட் ஆகுது" என்பதும் இதனால்தான். பல நேரம் பாதையை அடைப்பது மெயிலே இல்லை, அதே வைஃபையில் உள்ள போன் பின்னணியில் கூகுள் போட்டோஸுக்குக் கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த பேக்கப்பை நிறுத்தியதுமே பாதிப் பேருக்குப் பிரச்னை தீர்ந்துவிடலாம்.

அடுத்தது ஃபைல். இதை 'ஜிப்' செய்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்கேன் பக்கங்கள் ஏற்கெனவே ஜேபெக் முறையில் சுருக்கப்பட்டவை, ஜிப்பில் பெரிதாகக் குறையாது. குறைக்க வேண்டிய இடம் ஸ்கேனர். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ கலரில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் அது சுமார் 26 எம்.பி. அதே பக்கம் 200 டிபிஐ கறுப்பு-சாம்பல் நிறத்தில் 4 எம்.பி-க்கும் கீழே. பில் எண்ணும் தொகையும் படிக்க இது தாராளம். நம் உதாரணத்தின் 18 எம்.பி ஃபைல் இப்படி எடுத்தால் 5 எம்.பி அளவுக்கு இறங்க வாய்ப்புண்டு. முத்திரை, நிறம் முக்கியமான பத்திரங்கள் என்றால் அந்தப் பக்கங்களை மட்டும் கலரில் விடலாம். மறுபடி ஸ்கேன் பண்ண நேரமில்லையா? கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிறுவியிருந்தால் ஒரே வரியில் படங்களை 150 டிபிஐ அளவுக்குக் குறைக்கலாம் (விண்டோஸில் `gs` என்ற இடத்தில் `gswin64c`):

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -o small.pdf big.pdf
```

அனுப்புவதற்கு முன் small.pdf-ஐத் திறந்து, பொடி எழுத்துள்ள ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடவும்.

மூன்றாவது, பாதையை மாற்றுவது. மெயில் ஆப்புக்குப் பதிலாக பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து இணைத்தால், ஃபைல் அதன் சொந்த அளவிலேயே ஏறும். எழுத்தாக மாற்றும் வேலையையும் 'Sent' நகலையும் சர்வரே பார்த்துக்கொள்ளும். 13 நிமிட வேலை ஐந்து நிமிடமாகிவிடுகிறது. 5 எம்.பி-யாகக் குறைத்த ஃபைல் என்றால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. 'Send' அழுத்தும் முன்பே ஃபைல் ஏறத் தொடங்கிவிடுவதால், இணைத்துவிட்டு மெயிலை எழுதலாம். அதே ஃபைலை இன்னொருவருக்கும் அனுப்ப வேண்டுமா? புதிதாக இணைக்காமல் 'Sent'-ல் இருந்து ஃபார்வர்டு செய்தால் போதும், அப்லோடு செலவே கிடையாது.

இணைப்பு அடிக்கடி அறுந்து போகும் இடங்களில் இதுவும் கைவிடலாம். அங்கே கூகுள் டிரைவ் ஆப் மூலம் ஏற்றி, லிங்க்கை மட்டும் மெயிலில் அனுப்புவது மேல். டிரைவின் ஏற்றுமுறை துண்டு துண்டாக நடக்கிறது, நெட் போய்த் திரும்பினாலும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். ஒரு எச்சரிக்கை: பெறுபவரின் மெயில் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறந்தால், மாலை 5 மணிக்கு அவரிடமிருந்து வருவது "ரிக்வெஸ்ட் ஆக்சஸ்" மெயில்தான். அவசரத்தில் எல்லாருக்கும் திறந்துவிடும் பழக்கமும் வேண்டாம், உள்ளே இருப்பது பில்லும் பான் எண்ணும்.

சில வங்கிகளும் அலுவலகங்களும் டிரைவ் லிங்க்கைத் திறக்க விடுவதில்லை. அங்கே பிடிஎஃப்-ஐப் பிரிப்பதுதான் வழி. குரோமில் திறந்து, பிரிண்ட் கொடுத்து, 'Save as PDF' தேர்ந்தெடுத்து, பக்கங்கள் 1-10, 11-20 என்று நான்கு ஃபைலாகச் சேமிக்கலாம். தலைப்பில் 1/4, 2/4 என்று போட்டு அனுப்பினால், ஒன்று அறுந்தாலும் அந்தக் கால் பங்கை மட்டும்தான் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

மெயில் ஆப்பை விடவே முடியாது என்பவர்கள் பழைய அவுட்லுக்கில் அக்கவுண்ட் அமைப்பில் 'Server Timeouts' என்பதை 10 நிமிடம் வரை நகர்த்தலாம். தண்டர்பேர்டில் ஜிமெயில் வைத்திருப்பவர்கள் 'Copies & Folders' பக்கத்தில் 'Place a copy in' டிக்கை எடுத்துவிடலாம், ஜிமெயில் தானே நகல் வைத்துக்கொள்ளும். 'Outbox'-ல் சிக்கிய மெயிலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஆப் அதை விடாமல் முயன்று டேட்டாவைத் தின்றுகொண்டே இருக்கும், பின்னால் உள்ள சின்ன மெயில்களையும் மறிக்கும். அவுட்லுக்கை 'Work Offline' நிலைக்கு மாற்றிவிட்டு அதை அழிக்கலாம். மறுபடி அனுப்பும் முன் ஆடிட்டருக்கு ஒரு போன்: "சார், வந்துடுச்சா?"

அரசு வரையறையில் அப்லோடு எங்கே?

இந்தியாவில் பிராட்பேண்ட் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு அரசு வரையறை இருக்கிறது. 2004 கொள்கையில் குறைந்தபட்சம் 256 கேபிபிஎஸ், பிறகு 512, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ். மூன்றுமே டவுன்லோடு வேகம் மட்டும். அப்லோடுக்கு அந்த வரையறையில் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. ஆக, மெயில் போகாத இணைப்பும் சட்டப்படி பிராட்பேண்ட்தான். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் எண்ணும் பெரும்பாலும் டவுன்லோடுதான்.

ஃபைபரில் நிலைமை வேறு. பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில் பல வீடுகள் பகிரும் ஒரு இழையில் டவுன்லோடு 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு அதில் பாதி. ஏடிஎஸ்எல்-லில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு என்பது டான்ஃபிநெட் நிறுவனத்தின் இலக்கு. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவதும் வீட்டு வாசலுக்கு வருவதும் ஒன்றல்ல. வாசலுக்கு வரும்போது, பிளான் எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி "அப்லோடு எவ்வளவு?" என்பது. அது 10 எம்பிபிஎஸ் என்றால், அதே 18 எம்.பி ஃபைல் வீங்கிய பிறகும் சுமார் 20 நொடியில் போய்விடும்.