மாமாவும் ஒரு காந்தமும்

தங்கை கல்யாணச் சீருக்காக காரைக்கால் கடையொன்றில் குத்துவிளக்கு பார்த்தேன். தங்கமாய் மின்னியது. சட்டைப் பையிலிருந்த காந்தத்தை வைத்தேன், 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது! உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு.

அடுத்த விளக்கில் ஒட்டவில்லை. ஜெயித்த மாதிரி நிமிர்ந்தேன்.

"அவசரப்படாதே மாப்ளே, அலுமினியத்திலும்தான் காந்தம் ஒட்டாது" என்ற மாமா, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடிப்பாகத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டினார். வெள்ளையாகப் பல்லிளித்தது.

மறுநாள் கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயிலுக்கு பஸ். அங்கே காவிரி வண்டலில் அச்செடுத்து, அடி, தண்டு, தட்டு, உச்சி எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மறை போட்டுத் திருகுகிறார்கள். கழற்றிப் பார்த்தோம், மறைக்குள்ளும் மஞ்சள்தான்!

விலை எடைக்கு. தராசு முள் ஓடிய வேகத்தைப் பார்த்த மாமா, "மூணடி எதுக்கு மாப்ளே? ரெண்டடியே லட்சணம்!" என்றார்.